நாவல் முடிந்தால் மனசு ஏன் கனக்கிறது? எங்கள் வாசிப்பு வட்டத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஹட்டன் பக்கத்தில் மாதம் ஒரு போயா தினத்தில் பத்துப் பன்னிரண்டு பேர் கூடி ஒரு நாவலைப் பற்றிக் கதைப்போம். தேத்தண்ணி வருவதற்குள் நடை, மொழி, அரசியல் எல்லாம் பேசி முடித்துவிடுவார்கள். தேத்தண்ணிக்குப் பிறகுதான் உண்மையான பேச்சு தொடங்கும். "அந்தப் பிள்ளையை ஏன் சாகடிச்சார்?" என்று ஒருவர் கேட்பார், மற்றவர்கள் அமைதியாகிவிடுவார்கள். இத்தனை வருடத்தில் அந்த நேரத்தில் திரும்பத் திரும்ப வந்த கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்டபடியே எழுதி, எனக்குத் தோன்றிய பதிலைக் கீழே வைத்திருக்கிறேன்.

இல்லாத ஒரு ஆளுக்காக ரெண்டு நாள் சரியா சாப்பிடாமல் இருந்தேன் சேர். எனக்கு ஏதும் பிரச்சினையா?

இல்லை. என் பெரியம்மா கதையைச் சொல்கிறேன்.

பெரியம்மாவுக்கு வாசிக்கத் தெரியாது. மலையில் கொழுந்து எடுத்துவிட்டு, தராசுக்குக் கொடுத்துவிட்டு, ஐந்து மணிபோல் லயத்துக்கு வருவார். படங்கை அவிழ்த்துக் கொடியில் போட்டுவிட்டு, காலில் ஒட்டியிருக்கும் அட்டைகளுக்கு உப்பு வைத்துவிட்டு, இஸ்தோப்பில் சுவரோடு சாய்ந்து உட்காருவார். அதன் பிறகு நான் வாசிக்க வேண்டும். யாரோ இந்தியாவிலிருந்து கொண்டுவந்த பழைய வார இதழ்களில் தொடர்கதைப் பக்கங்களை மட்டும் கிழித்து, சேர்த்துத் தைத்து, மாவுப் பசையால் அட்டை ஒட்டி வைத்திருந்தார்கள். முதல் அட்டை கிடையாது. எழுதியவர் பெயரும் போய்விட்டது.

அதில் இட்லி சுட்டு விற்கும் ஒரு கிழவி வருவாள். கதைக்கு அவள் முக்கியமே இல்லை. ஆனால் காசு வாங்கினால் இரண்டு தடவை எண்ணுவாள், எண்ணி முடித்து ஒரு காசை வாங்கினவரிடமே திருப்பிக் கொடுப்பாள். ஏன் என்று யாரும் கேட்கவில்லை, எழுத்தாளரும் சொல்லவில்லை. நாலைந்து அத்தியாயத்தில் இது வருகிறது. பிறகு ஓர் அத்தியாயத்தில், மூன்றே வரியில், கிழவி செத்துப்போகிறாள்.

அந்த மூன்று வரிக்கு பெரியம்மா ஒன்றும் சொல்லவில்லை. "ம்" என்றார், நான் தொடர்ந்து வாசித்தேன். அடுத்த அத்தியாயத்தில் அதே திண்ணையில் கிழவியின் பேரன் உட்கார்ந்து இட்லி விற்கிறான். காசை வாங்கி ஒரு தடவை எண்ணி மடியில் போட்டுக்கொள்கிறான். அந்த இடத்தில்தான் பெரியம்மா, "போதும்டா தம்பி, மூடு" என்றார். சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு குசினிக்குள் போய்விட்டார். மறுநாளும் வாசிக்க விடவில்லை. மூன்றாம் நாள், "அவளுக்குக் கருமாதி செஞ்சாங்களா, அது எழுதியிருக்கா?" என்று மட்டும் கேட்டார். நான் பக்கங்களைப் புரட்டித் தேடினேன். அது எழுதப்படவில்லை.

பெரியம்மாவுக்கு எந்தப் பிரச்சினையும் இருக்கவில்லை. தோட்டத்தில் அவரைவிடத் தெளிவான ஆளை நான் பார்த்ததில்லை.

இல்லை என்று தெரிந்துகொண்டே எப்படி அழ முடியும்? லாஜிக்கே இடிக்குதே.

இடிக்கத்தான் செய்கிறது. கொலின் ராட்ஃபோர்ட் என்ற ஆங்கிலேயத் தத்துவப் பேராசிரியர் 1975 இல் இதே கேள்வியை ஒரு கட்டுரையாக எழுதினார். அன்னா கரேனினாவுக்கு நேர்ந்ததைப் படித்து நாம் ஏன் கலங்குகிறோம் என்பதுதான் அந்தக் கட்டுரையின் தலைப்பே. அவர் சொன்னதை இப்படிச் சுருக்கலாம். ஒருவருக்காக வருந்த வேண்டுமென்றால் அப்படி ஒருவர் இருப்பதாக, அல்லது இருந்ததாக நம்ப வேண்டும். நாவலில் வருபவர் இருந்ததே இல்லை என்று நமக்கு நன்றாகத் தெரியும். ஆனாலும் வருந்துகிறோம். மூன்றும் சரி போலத்தான் தெரிகிறது, ஆனால் மூன்றும் ஒன்றாகச் சரியாக இருக்க முடியாது.

அவர் ஓர் உதாரணம் சொல்கிறார். ஒரு நண்பர் தன் தங்கைக்கு நேர்ந்த கொடுமையைச் சொல்கிறார், கேட்டு நமக்கு நெஞ்சு அடைக்கிறது. சொல்லி முடித்துவிட்டு, "எனக்குத் தங்கச்சியே கிடையாது, சும்மா கட்டிச் சொன்னேன்" என்கிறார். அந்த நிமிடமே துக்கம் போய்விடும், கோபம்தான் வரும். அப்படியானால் நாவலில் மட்டும் துக்கம் ஏன் போகவில்லை? ராட்ஃபோர்ட் கடைசியில் கையை விரித்துவிட்டார். மனிதர்கள் இந்த விஷயத்தில் முரணாகத்தான் நடந்துகொள்கிறார்கள் என்று முடித்தார்.

அவருக்குப் பின் வந்தவர்கள் மூன்று வாக்கியத்தில் ஏதோ ஒன்றை உடைக்கப் பார்த்தார்கள். கெண்டல் வால்டன் 1978 இல் எழுதிய கட்டுரையில், நாவலோ படமோ தருவது அசல் பயமோ அசல் துக்கமோ அல்ல, பிள்ளைகள் மண்ணில் சோறாக்கி விளையாடும்போது அந்த விளையாட்டுக்குள் வருவது போன்ற ஒன்று என்றார். பீட்டர் லமார்க், நோயல் கரோல் போன்றவர்கள் முதல் வாக்கியத்தையே பிடித்தார்கள். உணர்ச்சிக்கு நம்பிக்கை தேவையில்லை, ஒன்றைத் துலக்கமாக மனதில் நினைத்தாலே போதும் என்றார்கள். மலை விளிம்பில் நின்று, தவறினால் என்ன ஆகும் என்று நினைத்தாலே வயிறு கலங்குகிறது. விழுந்துவிட்டோம் என்று யாரும் நம்புவதில்லை.

நான் இரண்டாவது கட்சி. பெரியம்மாவின் முகத்தைப் பார்த்தவன், அது விளையாட்டுக்குள் வந்த அழுகை என்று சொல்ல மாட்டேன். ஆனால் வெறும் நினைப்பு மட்டும் போதும் என்றால் அந்த மூன்று வரியிலேயே அவர் அழுதிருக்க வேண்டும். செத்துப்போனாள் என்று அங்கேதானே எழுதியிருக்கிறது. அழுகை வந்தது, இரண்டு தடவை எண்ண வேண்டிய காசு ஒரு தடவை எண்ணப்பட்டபோதுதான். நாவல் நமக்குள் ஒரு பழக்கத்தை உண்டாக்கிவிடுகிறது. அந்தக் கிழவி வந்தால் காசு இரண்டு தடவை எண்ணப்படும் என்று நம் மனம் முன்கூட்டியே காத்திருக்கப் பழகிவிட்டது. வீட்டில் ஒருவர் இறந்த பிறகு சோற்றுக் கோப்பையை ஒன்று கூடுதலாக எடுத்து வைத்துவிட்டு நிற்கிறோமே, கை பழகின பழக்கம். அதே பழக்கத்தைத்தான் கதையும் தொடுகிறது. அது உள்ள ஆளா, எழுதின ஆளா என்று பழக்கம் விசாரிப்பதில்லை.

தங்கச்சி கதையும் பொய், நாவலும் பொய். ஒண்ணுக்குக் கோபம், ஒண்ணுக்கு அழுகையா?

நண்பர் நம்மிடம் உண்மை என்று சொல்லி அழுகையை வாங்கினார். அது மோசடி. நாவல் ஆரம்பத்திலேயே "கதை" என்று சொல்லிவிட்டுத்தான் தொடங்குகிறது. ஏமாற்றப்பட்டதால்தான் தங்கச்சிக்கான துக்கம் போனது, அவள் இல்லாததால் அல்ல.

எங்கள் ஆட்களுக்கு இது விளங்காத விஷயமே இல்லை. காமன் கூத்தை நினைத்துப் பாருங்கள். மாசி வளர்பிறையில் கம்பம் ஊன்றுவார்கள். மதனாக வேஷம் கட்டுபவன் பக்கத்து லயத்துப் பையன், ரதியாக வருபவனும் ஒரு பையன்தான். பகலில் இரண்டு பேரையும் பெரட்டுக்களத்தில் பார்த்திருப்போம். பௌர்ணமியை ஒட்டி சிவன் நெற்றிக்கண்ணைத் திறந்து காமனைத் தகனம் செய்யும் இரவில், தப்புச் சத்தம் மாறும், ரதி புலம்பத் தொடங்குவாள். சுற்றி நிற்கும் பெண்கள் அழுவார்கள். ரதியாக இருக்கும் பையனின் சொந்த அம்மாவும் அழுவார், நானே பார்த்திருக்கிறேன். அவரிடம் போய், "உங்கள் மகன்தானே, எதற்கு அழுகிறீர்கள்?" என்று கேட்டால் நம்மை ஒரு மாதிரிப் பார்ப்பார்.

அங்கே யாரும் ஏமாறவில்லை. தெரிந்துகொண்டே போய் நின்று, தெரிந்துகொண்டே அழுகிறார்கள். ராட்ஃபோர்ட் முரண் என்று சொன்னதை எங்கள் தோட்டம் திருவிழாவாக நடத்துகிறது.

நாம் அழுவது அந்தப் பாத்திரத்துக்காகவா, சொந்தக் கவலைக்காகவா?

இரண்டும் கலந்துதான் வரும். எழவு வீட்டில் ஒப்பாரி வைக்கும் பெண் முதல் இரண்டு அடி செத்தவரைப் பற்றிப் பாடுவார். மூன்றாவது அடியில் தன் புருஷன் வந்துவிடுவார், நாலாவதில் தன் தாய் வந்துவிடுவார். யாரும் அதைத் தப்பென்று சொல்வதில்லை.

தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல், அழுகை நான்கு காரணத்தால் பிறக்கும் என்கிறது: இளிவு, இழவு, அசைவு, வறுமை. பிறர் இகழ்வது, ஒன்றை இழப்பது, இருந்த நிலை தாழ்வது, இல்லாமை. பழைய உரை இன்னும் ஒரு படி போய், தனக்கு வந்ததற்குத் தான் அழுவது வேறு, பிறருக்கு வந்ததைப் பார்த்து அழுவது வேறு என்று பிரிக்கிறது. முதலாவது அவலம், இரண்டாவது கருணை. நாவல் வாசகருக்கு இரண்டும் ஒரே கண்ணீரில் வந்துவிடுவதால்தான் இந்தக் கேள்வியே எழுகிறது.

கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. எந்த இடத்தில் கண் கலங்கியது என்று திரும்பிப் போய்ப் பாருங்கள். "அம்மா", "மரணம்", "தனிமை" போன்ற பொதுச் சொல் வந்த இடத்தில் கலங்கியிருந்தால் பெரும்பாலும் அது உங்கள் சொந்தக் கணக்கு. அந்தக் கதைக்கு மட்டுமே உரிய சின்ன விஷயம் ஒன்றில் கலங்கியிருந்தால் அழுதது அந்த ஆளுக்காகத்தான். காசை இரண்டு தடவை எண்ணுகிற யாரும் பெரியம்மாவின் வாழ்க்கையில் இருந்ததில்லை. நான் கேட்டுப் பார்த்திருக்கிறேன்.

யாருமே சாகாத நாவல்தான். சந்தோஷமாத்தான் முடியுது. ஆனாலும் கடைசிப் பக்கத்தில் ஏன் அதே வலி?

அதே வலி இல்லை என்பது என் எண்ணம். இது வேறு வலி. எங்கள் மலையகத்தில் இதற்கு ஒரு பழைய பெயர்கூட இருக்கிறது.

1964 ஒக்டோபரில் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தானது. குடியுரிமை இல்லாத எங்கள் மக்களில் 525,000 பேரை இந்தியா ஏற்பது, 300,000 பேரை இலங்கை ஏற்பது, மிச்சம் உள்ளவர்களைப் பிறகு பார்ப்பது என்று இரண்டு பிரதமர்கள் ஆட்களைப் பிரித்துக்கொண்டார்கள். அதன் பிறகு வருடக்கணக்காக மலையக ஸ்டேஷன்களிலிருந்து கோச்சியேறி, தலைமன்னார் போய், கப்பலேறி ஆட்கள் போனார்கள். எங்கள் வீட்டுப் பெரியவர்கள் அந்த ரயிலை அழுகைக் கோச்சி என்றுதான் சொல்வார்கள். ஒரே லயத்தில் சுவரைப் பகிர்ந்துகொண்டு வாழ்ந்த குடும்பம், ஒரு காலையில் தகரப் பெட்டியோடு போய்விடும். போனவர்கள் சாகவில்லை. நீலகிரியிலோ வேறெங்கோ நன்றாகக்கூட இருந்திருக்கலாம். கொஞ்ச நாள் கடிதம் வரும், மகளுக்குக் கல்யாணம், வீட்டுக்குக் கூரை போட்டாயிற்று என்று. பிறகு கடிதம் நின்றுவிடும்.

நாவலின் முடிவு தருவது இந்தத் துக்கம். கதாநாயகி கல்யாணம் முடித்து நன்றாகத்தான் இருக்கிறாள், ஆனால் இனிக் கடிதம் வராது. கதைக்கு நடுவில் ஒருவர் செத்தால் அழுவதற்குத் துணையாகக் கதைக்குள்ளேயே நாலு பேர் இருக்கிறார்கள். அவர்களோடு சேர்ந்து நாமும் இரண்டு அத்தியாயம் துக்கம் காத்துவிட்டு எழுந்து வரலாம். கதை முடியும்போது அந்த நாலு பேரும் ஒரே நேரத்தில் போய்விடுகிறார்கள், ஸ்டேஷனில் நாம் மட்டும் நிற்கிறோம். கூட அழ ஆளில்லை, அழுவதற்கு மரணமும் இல்லை. "நல்லாத்தானே முடிஞ்சிருக்கு" என்று வீட்டில் கேட்டால் சொல்லப் பதிலும் இல்லை.

இந்த உவமையைச் சொல்லத் தயங்கித்தான் சொல்கிறேன். போனவர்கள் உண்மையான மனிதர்கள், அவர்கள் பட்டது உண்மையான கஷ்டம். கதாநாயகியை அவர்களோடு வைத்து அளக்கவில்லை. ஸ்டேஷனில் நின்றவர்களின் மனநிலையை மட்டும்தான் சொல்கிறேன். எங்கள் வட்டத்தில் இதை முதலில் சொன்னது நானும் அல்ல, அந்தக் கோச்சியில் அக்காவை அனுப்பிவிட்டு வந்த ஒரு முதியவர். நாவல் முடிந்தால் ஏன் இரண்டு நாள் யாரோடும் பேசப் பிடிப்பதில்லை என்று கேட்டதற்கு, "ஸ்டேஷன்ல இருந்து நடந்து வர்ற மாதிரி இருக்கு தம்பி" என்றார்.

அப்புறம் அவர்களுக்கு என்ன ஆச்சு என்று எழுதினவரிடமே கேட்டுவிடலாமே?

கேட்டிருக்கிறார்கள். கல்கி 'பொன்னியின் செல்வன்' தொடரை 1950 முதல் 1954 வரை எழுதினார். மூன்றரை வருடம் வாரா வாரம் அந்த ஆட்களோடு இருந்தவர்களுக்கு முடிவு போதவில்லை. முடிவு திடீரென்று வந்துவிட்டது, இன்னார் என்ன ஆனார் என்று கேட்டார்கள். அவரும் முடிவுரை ஒன்று எழுதி, சிலர் பின்னால் என்ன ஆனார்கள் என்று சொன்னார். இன்றைக்கும் கடைசிப் பாகத்தின் முடிவில் அது அச்சாகிறது.

அதைப் படித்தால் தகவல் கிடைக்கும், ஆறுதல் கிடைக்காது. காரணம், வாசகர் கேட்டது தகவலை அல்ல. அந்த ஆட்களோடு இன்னும் ஒரு மாலைப் பொழுதைக் கேட்டார்கள்.

இதில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. எனக்கு இந்தத் தலைப்பிலேயே மிகவும் பிடித்தது அதுதான். என் தாத்தா எந்த வருடம் எந்தத் தோட்டத்துக்கு முதலில் வந்தார் என்று எனக்குத் தெரியாது. ஆனால் அதற்கு ஒரு விடை இருக்கிறது. எங்கோ ஒரு செக்ரோலில் பெயர் இருந்து, தாள் கரையான் அரித்துப் போயிருக்கும். விடை தொலைந்துவிட்டது, அவ்வளவுதான். இட்லிக் கிழவிக்குக் கருமாதி செய்தார்களா என்ற கேள்விக்கு விடை தொலையவில்லை, அப்படி ஒரு விடையே எங்கும் கிடையாது. எழுதப்படாதது நடக்கவும் இல்லை, நடக்காமலும் இல்லை.

வாசிக்கும்போது நமக்கு இது தெரிவதில்லை. வரிகளுக்குப் பின்னால் கிழவிக்கு ஒரு முழு வீடு, அடுப்பு, பழைய சண்டைகள் எல்லாம் இருப்பதாகவே எடுத்துக்கொள்கிறோம். அப்படி எடுத்துக்கொள்ளாமல் கதை ஓடவும் ஓடாது. புத்தகத்தை மூடும்போதுதான் சுவருக்குப் பின்னால் அறை இல்லை என்று கை தட்டித் தெரிந்துகொள்கிறோம். அந்த வீட்டில் பாதியை நாமே கட்டியிருக்கிறோம், எழுத்தாளர் கதவையும் திண்ணையையும்தான் தந்தார். அதனால்தான் ஒரே நாவல் முடிந்து இரண்டு பேர் துக்கப்பட்டாலும் இரண்டு துக்கமும் ஒன்றாக இருப்பதில்லை. எங்கள் வட்டத்தில் இதைச் சோதித்துப் பார்த்தோம். ஒரு பாத்திரத்தின் வீட்டுக் குசினியை எல்லோரும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தோம். மலையில் வளர்ந்தவர்கள் எல்லோருமே புகை போகும் ஓட்டையை எழுதியிருந்தார்கள். நாவலில் குசினியே வரவில்லை.

செத்தவரை அடுத்த பாகத்தில் உயிரோடு கொண்டுவந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடுமா?

ஆர்தர் கோனன் டொயில் செய்து பார்த்தார். 1893 டிசம்பரில் ஷெர்லொக் ஹோம்ஸை சுவிஸ் நாட்டு அருவி ஒன்றில் விழுத்திக் கதையை முடித்தார். கடிதங்கள் குவிந்தன. ஒரு பெண்மணி "மிருகமே" என்று திட்டித்தான் கடிதத்தையே தொடங்கியிருந்தார் என்று அவரே பின்னாளில் எழுதியிருக்கிறார். தனக்கு மட்டும் ஒரு வருத்தமும் வரவில்லை என்றும் எழுதினார். தினம் தினம் செய்த ஆளுக்கு அது வேலை, படித்தவருக்கு அது உறவு. 1903 இல் ஹோம்ஸ் அருவியில் விழவே இல்லை என்று சொல்லித் திரும்பக் கொண்டுவந்தார்.

வாசகர்கள் மகிழ்ந்தார்கள். எனக்கு மட்டும் அதில் ஒரு குறை. பத்து வருடம் துக்கம் காத்தவர்களிடம் "எனக்குத் தங்கச்சியே கிடையாது" என்று சொன்னது போலத்தான் அதுவும்.

காமன் கூத்திலும் மூன்றாம் நாள் காமனை எழுப்புவார்கள், பொன்னர் சங்கர் கூத்திலும் படுகளத்தில் விழுந்தவர்களை எழுப்புவார்கள். அங்கே அது ஏமாற்றாகப் படுவதில்லை. தகனம் நடந்தது நடந்ததுதான், ரதி அழுததும் அழுததுதான், அதற்கு மேல்தான் எழுப்புதல் வருகிறது. டொயில் தகனத்தையே இல்லை என்றார்.

அழ வைக்கிற நாவல்தான் நல்ல நாவலா?

வெங்காயமும் அழ வைக்கும்.

மலிவான சாவைக் கண்டுபிடிக்க நான் மூன்று விஷயம் பார்ப்பேன். செத்தவரின் இடத்தில் அதே வயதுள்ள வேறு யாரையாவது வைத்தாலும் காட்சி மாறாமல் நிற்கிறதா? நின்றால், அங்கே ஆள் இல்லை, பிரேதம் மட்டும்தான். சாவதற்கு முந்தைய அத்தியாயத்தில் திடீரென்று அந்த ஆள் மிக நல்லவராக, மிகச் சந்தோஷமாக ஆகிவிட்டாரா? கிடாயை வெட்டுவதற்கு முன் மாலை போடுவது அது. கடைசியாக, நமக்கு முன்னாலேயே எழுத்தாளர் அழத் தொடங்கிவிட்டாரா? அப்படியானால் நான் எழுந்து தேத்தண்ணி போடப் போய்விடுவேன்.

மலிவான சாவும் அந்த நேரத்துக்கு அழ வைக்கும், அதை மறுக்கவில்லை. ஆனால் அது ஒரு நாளில் காய்ந்துவிடும். ஒரு வாரம் கழித்து சந்தையில் சில்லறை வாங்கும்போது அந்தக் கிழவி நினைவுக்கு வருகிறாளா என்பதுதான் வித்தியாசம்.

எங்கள் அம்மா டெலி டிராமா முடிஞ்சாலும் அழுகிறார். அதுவும் இதுவும் ஒன்றா?

சொந்தம்தான். முகம் தெரிந்தும் நம்மைத் தெரியாத ஆட்களோடு உண்டாகும் ஒருபக்க உறவைப் பற்றி டொனல்ட் ஹோர்ட்டன், ரிச்சர்ட் வோல் என்ற இருவர் 1956 இலேயே எழுதிவிட்டார்கள். அப்போது அவர்கள் பார்த்தது ரேடியோவையும் டீவியையும். பின்னால் அமெரிக்காவில் பெயர்பெற்ற டீவி தொடர் ஒன்று 2004 இல் முடிந்தபோது, பார்த்த மாணவர்களிடம் வருத்தத்தை அளந்து பார்த்தார்கள். பிடித்த பாத்திரத்தோடு எவ்வளவு நெருக்கமோ அவ்வளவு வருத்தம் என்பதுதான் முதல் முடிவு. தனிமையில் இருந்தவர்களுக்கு வருத்தம் கூடுதல் என்பதும் தெரிந்தது. அம்மாவை யாரும் சிரிக்க வேண்டாம், பின்னேரத்தில் கொஞ்சம் பக்கத்தில் உட்காருங்கள்.

ஒரு வேறுபாடு உண்டு. டிராமாவில் குசினியை அவர்களே காட்டிவிடுகிறார்கள். நாம் கட்டுவதற்கு அங்கே குறைவு. நடிகரும் அடுத்த மாதம் வேறு நாடகத்தில் சிரித்துக்கொண்டு வந்துவிடுவார்.

நான் போனில்தான் படிக்கிறேன். புத்தகமாகப் படித்தால்தான் இதெல்லாம் வருமா?

அழுகை எதில் படித்தாலும் வரும். முடிவு நெருங்குவது மட்டும் வேறு விதமாகத் தெரியும். புத்தகத்தில் வலது கைக்குக் கீழே தாள் மெலிந்துகொண்டே வருவதை விரல் சொல்லும். எங்கள் வட்டத்தில் ஒரு பிள்ளை கடைசி இருபது பக்கத்தை மூன்று வாரம் வைத்திருந்தாள், நாளுக்கு ஒரு பக்கம் படித்து. போனில் அந்த எச்சரிக்கை அவ்வளவு கைக்குத் தெரிவதில்லை, திடீரென்று கீழே வெள்ளையாகிவிடும். அப்படி முடிந்ததில் எரிச்சல்பட்டு, தரவிறக்கம் அரைகுறை என்று நினைத்து மறுபடி இறக்கிப் பார்த்தவரும் எங்களில் உண்டு.

முடிவு தெரிந்த நாவலைத் திரும்பப் படித்தாலும் ஏன் மறுபடி அழுகை வருது?

தெரியாததால் அழவில்லை என்பதால்தான். அடுத்து என்ன ஆகும் என்ற ஆவல் ஒரு தடவைதான் வேலை செய்யும். துக்கம் அதை நம்பி இல்லை. ரதி அழப்போகிறாள் என்று தெரியாமல் காமன் கூத்துக்கு யார் போகிறார்கள்?

இரண்டாம் வாசிப்பில் அழுகை இடம் மாறும் என்பதைக் கவனித்திருக்கிறேன். முதல் தடவை பேரன் காசை எண்ணும்போது அழுதவர், அடுத்த தடவை கிழவி முதன்முதலாக இட்லிக் கூடையோடு வரும் இடத்திலேயே அழுவார். அங்கே ஒரு சோகமும் இல்லை. அவள் காசை எண்ணுகிறாள், மறுபடி எண்ணுகிறாள், ஒன்றைத் திருப்பிக் கொடுக்கிறாள். அவளுக்குத் தெரியாத ஒன்று நமக்குத் தெரியும். உள்ள மனிதர்களோடு இது நடக்காது. செத்தவர்களை நினைக்கலாம், படத்தைப் பார்க்கலாம், ஆனால் அவர்கள் முதல் நாள் வந்ததுபோல் திரும்ப வரமாட்டார்கள். கதையில் வருபவர் முதல் பக்கத்தைப் புரட்டினால் வருவார், அதே காசோடு.

பெரியம்மா அந்தக் கதையைக் கடைசிவரை கேட்கவே இல்லை. ஒரு வாரம் கழித்து, புத்தகத்தை நானே எடுத்து, விட்ட இடத்தில் விரலை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். "அங்க வேணாம்," என்றார். "அவ வர்ற இடத்துல இருந்து வாசி." நான் பின்னால் புரட்டினேன். கிழவி திண்ணைக்கு வந்து கூடையை இறக்கினாள். பெரியம்மா காலை நீட்டிச் சுவரில் சாய்ந்துகொண்டு, "மெதுவா வாசிடா, அவ எண்ணட்டும்" என்றார்.